சரிதான், சரியல்ல, தெரியாது: சாட்சியச் சுருக்கத்தில் யார் சொன்னது என்ற கேள்வி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாட்சியச் சுருக்கம் எழுதுவதைச் சட்டக் கல்லூரியில் யாரும் தனிப் பாடமாக நடத்துவதில்லை. ஆனால் ஒரு ஜூனியர் அலுவலகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர் கையில் ஒரு கட்டு சாட்சியப் பதிவு வந்துவிடுகிறது. "வாதத்துக்கு முன்னால் இதைச் சுருக்கிக் கொடு" என்கிறார் சீனியர். நாற்பது பக்கம் நான்கு பக்கமாகிறது. அந்த நான்கு பக்கத்தை வைத்துத்தான் வாதம் நடக்கிறது, எழுத்துப்பூர்வ வாதுரை தயாராகிறது. மேல்முறையீடு போனால் அதன் காரணங்களும் அங்கிருந்தே வருகின்றன. இந்தச் சுருக்கத்தில் ஒரு சாட்சியின் வாயில் இன்னொருவர் சொல்லை வைத்துவிட்டால், அது எல்லா இடத்துக்கும் பயணம் செய்யும். இன்றைய பேச்சை அந்த ஒரு பிழையோடு நிறுத்திக்கொள்கிறேன். அது எங்கே நுழைகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை நம் விசாரணை நீதிமன்றங்களின் தமிழ்ப் பதிவுகளை வைத்தே பார்ப்போம்.

நம் சாட்சியப் பதிவின் வடிவத்தை முதலில் நினைவுபடுத்திக்கொள்ளலாம். அமெரிக்காவில் நீதிமன்ற விசாரணைக்கு முன் எடுக்கப்படும் வாக்குமூலத்தில் வழக்கறிஞர் கேட்ட கேள்வியும் சாட்சி சொன்ன பதிலும் தனித்தனி வரிகளாக, வரி எண்ணோடு இருக்கும். நம்முடையது கதை வடிவம். அமர்வு நீதிமன்ற விசாரணையில் சாட்சியம் சாதாரணமாகக் கதை வடிவில் எழுதப்பட வேண்டும், நீதிபதி விரும்பினால் கேள்வி பதிலாகவும் எழுதலாம் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்திலும் அதுவே தொடர்கிறது. உரிமையியல் வழக்கிலும் நடைமுறை இதுதான். குறிப்பிட்ட ஒரு கேள்வியையும் பதிலையும் அப்படியே எழுத நீதிபதி உத்தரவிடலாம், ஆனால் அது எப்போதாவது நடப்பது. ஆகவே வழக்கறிஞரின் கேள்வி காகிதத்திலிருந்து மறைந்து, சாட்சி "நான்" என்று தொடர்ச்சியாகப் பேசுவதுபோல் பதிவு அமைகிறது.

கேள்வி மறைந்தாலும் அதன் சொற்கள் மறைவதில்லை. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தன் கட்சியின் கதையைச் சாட்சியிடம் எடுத்து வைப்பார். இதை யோசனை என்றும் சஜஷன் என்றும் சொல்வோம். பதிவில் அது "இன்னது நடந்தது என்றால் சரிதான்", "இன்னது நடந்தது என்றால் சரியல்ல", "இன்னது நடந்தது என்றால் எனக்குத் தெரியாது" என்ற மூன்று வடிவங்களில் வந்து உட்காரும். அந்த வாக்கியத்தில் பத்துச் சொல் இருந்தால் ஒன்பது சொல் வழக்கறிஞருடையது. கடைசிச் சொல் மட்டுமே சாட்சியுடையது. சுருக்குகிறவர் அவசரத்தில் வாக்கியத்தின் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டு கடைசிச் சொல்லை விட்டுவிட்டால், எதிர்த்தரப்பின் கதை சாட்சியின் சாட்சியமாகிவிடும்.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். இது உண்மை வழக்கு அல்ல, இந்தப் பேச்சுக்காக நான் அமைத்தது. ஆனால் முன்சீப் நீதிமன்றத்தில் பழகியவர்களுக்கு இதன் ஒவ்வொரு வரியும் தெரிந்ததாக இருக்கும். வாதி, 2021-இல் பிரதிவாதி மூன்று லட்சம் கடன் வாங்கிக் கடனுறுதிச் சீட்டு எழுதிக் கொடுத்தார் என்கிறார். அந்தச் சீட்டு வா.சா.ஆ.1, அதாவது வாதி தரப்புச் சான்றாவணம் 1. பிரதிவாதியின் எதிருரை வேறு கதை சொல்கிறது: 2016-இல் வாதியின் அண்ணனிடம் ஐம்பதாயிரம் வாங்கியபோது, பாதுகாப்புக்காகக் கையெழுத்து மட்டும் போட்டு வெற்றுச் சீட்டு கொடுத்தேன், அதைப் பூர்த்தி செய்து இப்போது வழக்குப் போட்டிருக்கிறார்கள். வாதி தரப்பில் மூன்று சாட்சிகள். வா.சா.1 வாதி, வா.சா.2 சீட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர், வா.சா.3 சீட்டை எழுதியவர். மறுபக்கம் பி.சா.1 பிரதிவாதி.

வா.சா.2-இன் குறுக்கு விசாரணை இப்படிப் பதிவாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்:

"வாதி எனக்கு உறவினர் என்றால் சரியல்ல. ஒரே தெருவில் குடியிருக்கிறோம். வா.சா.ஆ.1 எழுதும்போது நான் உடனிருந்தேன். பணத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. மூன்று லட்சம் இருக்கிறது என்று வாதி சொன்னார். கட்டாகக் கொடுத்தார். வா.சா.ஆ.1-இல் கையெழுத்து ஒரு மையிலும் மற்ற எழுத்துகள் வேறு மையிலும் உள்ளன என்றால் சரிதான். பிரதிவாதி 2016-இல் வாதியின் அண்ணனிடம் ஐம்பதாயிரம் கடன் வாங்கியபோது வெற்றுச் சீட்டில் கையெழுத்திட்டுக் கொடுத்தார் என்றால் எனக்குத் தெரியாது. அந்தச் சீட்டைப் பூர்த்தி செய்துதான் இந்த வழக்கு போடப்பட்டுள்ளது என்றால் சரியல்ல. பணமே கைமாறவில்லை என்றும் வாதிக்காக நான் பொய் சாட்சி சொல்கிறேன் என்றும் சொன்னால் சரியல்ல."

வாதி தரப்பு ஜூனியர் இதைச் சுருக்கினால் பெரும்பாலும் இப்படி வரும்: "மூன்று லட்சம் கொடுக்கப்பட்டதை வா.சா.2 நேரில் பார்த்துச் சாட்சியம் அளித்துள்ளார்." பிரதிவாதி தரப்பு ஜூனியர் எழுதினால்: "2016-ஆம் ஆண்டுக் கடனையும் வெற்றுச் சீட்டையும் வா.சா.2 மறுக்கவில்லை." இரண்டுமே பதிவை மீறிய வாக்கியங்கள். எழுதியவர்கள் யாரும் பொய் சொல்ல நினைக்கவில்லை என்பதுதான் இதில் கவலைக்குரியது.

வரி வரியாகப் பார்ப்போம். பணம் கட்டாகக் கொடுக்கப்பட்டதை வா.சா.2 பார்த்திருக்கிறார். ஆனால் அது மூன்று லட்சம் என்ற எண்ணுக்குச் சொந்தக்காரர் வாதி. வா.சா.2 கேட்டதைச் சொல்கிறார். "மூன்று லட்சம் என்று வாதி தன்னிடம் சொன்னதாக வா.சா.2" என்று எழுதினால்தான் அந்த எண் தன் உரியவரிடம் இருக்கும்.

அடுத்து, "கட்டாகக் கொடுத்தார்." யார் கொடுத்தார்? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது இயல்பு, பதிவு எழுத்தரும் அப்படியே எழுதுகிறார். முந்திய வரியில் வாதி இருப்பதால் வாதி என்று நிரப்பிவிடக் கை துடிக்கும். ஆனால் இதே கட்டில் வா.சா.1, தன் குறுக்கு விசாரணையில், "பணத்தை என் மகன்தான் வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்து கொடுத்தான்" என்று சொல்லியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வா.சா.2-இன் வரியில் வாதியின் பெயரைப் போட்டால் நாமே ஒரு முரண்பாட்டை உண்டாக்குகிறோம். மகன் என்று போட்டால் உண்மையாகவே இருக்கக்கூடிய ஒரு முரண்பாட்டை மூடிவிடுகிறோம். "கொடுத்தார்" என்ற மரியாதை விகுதியை வைத்தும் முடிவுக்கு வர முடியாது, அதைச் சேர்த்தது எழுத்தராகவும் இருக்கலாம். செய்யத்தக்கது ஒன்றுதான்: "பணம் கட்டாகக் கொடுக்கப்பட்டது என்கிறார், கொடுத்தவர் யார் என்று இந்த வரியில் இல்லை" என்று எழுதிவிட வேண்டும். சுருக்கம் ஒரு வரி நீண்டால் நீளட்டும்.

மை பற்றிய வரியில் சொற்கள் வழக்கறிஞருடையவை, ஆனால் "சரிதான்" என்ற பதிலால் அது வா.சா.2-இன் ஒப்புதலாகிறது. இங்கே "மையில் வேறுபாடு இருப்பதாக வா.சா.2 ஒப்புக்கொண்டார்" என்று எழுதலாம். அதற்கு மேல் "ஆகவே பின்னால் பூர்த்தி செய்யப்பட்டது" என்ற முடிவு வா.சா.2 சொன்னதல்ல. இரண்டு வரி தள்ளி அவர் அதை மறுத்திருக்கிறார்.

2016-ஆம் ஆண்டுக் கடன் பற்றிய "தெரியாது" மூன்றில் மிகவும் துன்பப்படுத்துகிற பதில். அது ஒப்புதலும் அல்ல, மறுப்பும் அல்ல. அந்தக் கடனில் அவருக்குச் சம்பந்தம் இல்லை என்றால் வேறு எந்தப் பதிலும் அவரால் நேர்மையாகச் சொல்லவும் முடியாது. "மறுக்கவில்லை" என்ற சொல் தர்க்கப்படி பொய்யில்லை, ஆனால் படிப்பவர் மனத்தில் ஒப்புக்கொண்டார் என்ற நிழலை விழச் செய்கிறது. ஆகவே சுருக்கத்தில் "தெரியாது" என்பதைத் தெரியாது என்றே எழுத வேண்டும். "ஞாபகம் இல்லை" என்று சாட்சி சொல்லியிருந்தால் அதையும் மாற்றக் கூடாது. நடந்தபோது தெரிந்திருக்கலாம் என்பதற்கு அதில் இடம் உண்டு, தெரியாது என்பதில் அந்த இடம் இல்லை.

எல்லாவற்றையும் சேர்த்தால் வா.சா.2-க்கு நான் எழுதக்கூடிய சுருக்கம் இது:

"வா.சா.2, குறுக்கு: வாதியின் உறவினர் என்பதை மறுக்கிறார், ஒரே தெருவாசி என்கிறார். சீட்டு எழுதியபோது உடனிருந்தார். பணத்தை எண்ணவில்லை, மூன்று லட்சம் என்பது வாதி தன்னிடம் சொன்னது. பணம் கட்டாகக் கொடுக்கப்பட்டது என்கிறார், கொடுத்தவர் பெயர் இல்லை. கையெழுத்தின் மையும் எழுத்துகளின் மையும் வேறு என்ற யோசனையை ஒப்புகிறார். 2016-இல் வாதியின் அண்ணனிடம் ஐம்பதாயிரம், வெற்றுச் சீட்டு என்ற பிரதிவாதி தரப்பு யோசனை: தெரியாது. அந்தச் சீட்டைப் பூர்த்தி செய்தது, பணம் கைமாறாதது, பொய் சாட்சி ஆகிய யோசனைகள்: மறுப்பு."

இதில் "யோசனை" என்ற சொல் திரும்பத் திரும்ப வருவதை நடையழகு கருதி நீக்காதீர்கள். அதுதான் வழக்கறிஞர் வாயையும் சாட்சி வாயையும் பிரிக்கிற வேலி.

மறுக்கப்பட்ட யோசனைகளை ஏன் எழுத வேண்டும், விட்டுவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். சாட்சி மறுத்த யோசனை அதிலுள்ள செய்தியை நிரூபிக்காது என்பது சரி. ஆனால் அதைக் கேட்டவருக்கு எதிராக அது பேசக்கூடும். 2023-இல் பாலு சுதாம் கால்டே வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பு வழக்கறிஞர் சாட்சியிடம் எடுத்து வைக்கும் யோசனையும் அதற்கான பதிலும் சாட்சியத்தின் பகுதியே என்றது. அந்த யோசனை குற்றஞ்சாட்டப்பட்டவர் சம்பவ இடத்தில் இருந்ததைக் காட்டினால், மற்ற சாட்சியங்களோடு சேர்த்து அதைக் கணக்கில் எடுக்கலாம், அதை மட்டுமே வைத்துத் தண்டிக்க முடியாது என்பது அதன் சாரம். ஆகவே யோசனையைக் கேட்டது யார் என்பதும் குறிக்கப்பட வேண்டிய செய்தி. ஒரே வழக்கில் இரண்டு பிரதிவாதிகள், இரண்டு வழக்கறிஞர்கள், நேர்முரணான இரண்டு நிலைப்பாடுகள் என்று வந்தால் இது இன்னும் முக்கியமாகிறது. முதல் பிரதிவாதியின் வழக்கறிஞர் வைத்த யோசனையை இரண்டாம் பிரதிவாதியின் கணக்கில் எழுதிவிடக் கூடாது.

வா.சா.3, சீட்டை எழுதியவர், தன் குறுக்கு விசாரணையில், "எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், பணம் கொடுத்ததை நான் பார்க்கவில்லை" என்கிறார் என்று கொள்வோம். இப்போது நம் அலுவலகங்களில் மிகவும் புழங்கும் ஒரு வாக்கியம் நுழைகிறது: "வா.சா.1-இன் கூற்றை வா.சா.2, வா.சா.3 ஆகியோர் ஆதரித்துச் சாட்சியம் அளித்துள்ளனர்." எந்தக் கூற்றை? சீட்டு எழுதப்பட்டதை மூவரும் சொல்கிறார்கள். பணம் கொடுக்கப்பட்டதை இருவர் சொல்கிறார்கள். மூன்று லட்சம் என்பது வாதி ஒருவரின் சொல். "ஆகியோர்" என்ற ஒரு சொல் இந்த மூன்று நிலைகளையும் ஒரே தட்டில் கொட்டிவிடுகிறது. சுருக்கத்தில் இரண்டு சாட்சிகளை ஒரே வாக்கியத்தில் சேர்ப்பதானால், அந்த வாக்கியத்தின் ஒவ்வொரு சொல்லையும் இருவரும் தனித்தனியே சொல்லியிருக்க வேண்டும். இல்லையென்றால் பிரித்துத்தான் எழுத வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

பி.சா.1-இடம் வருவோம். இப்போது கேட்பவர் வாதியின் வழக்கறிஞர். பதிவில் "வா.சா.ஆ.1-இல் உள்ள கையெழுத்து என்னுடையது என்றால் சரிதான். மூன்று லட்சம் பெற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டேன் என்றால் சரியல்ல" என்று இருக்கிறது. சுருக்கத்தில் "சீட்டை எழுதிக் கொடுத்ததை பி.சா.1 ஒப்புக்கொண்டார்" என்று வந்துவிட்டால் வழக்கே புரண்டுவிடும். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவுப்படி, சீட்டு எழுதிக் கொடுக்கப்பட்டது என்று ஆகிவிட்டால், அதற்கு மறுபயன் கிடைத்தது, அதாவது பணம் கைமாறியது என்று நீதிமன்றம் அனுமானிக்கும். அதற்கு மாறாகக் காட்டும் சுமை பிரதிவாதியின் தலையில் ஏறும். கையெழுத்தை ஒப்புவது வேறு, ஆவணத்தை எழுதிக் கொடுத்ததை ஒப்புவது வேறு. பி.சா.1 ஒப்பியது முதலாவதை மட்டும். ஒரு ஒப்புதல் எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு தூரம்தான் சுருக்கமும் போகலாம்.

உரிமையியல் வழக்கில் முதல் விசாரணை இப்போது பெரும்பாலும் எழுத்தில் தாக்கலாகும் நிரூபண வாக்குமூலம்தான். ப்ரூப் அபிடவிட் என்றால் எல்லோருக்கும் புரியும். அதைத் தயாரிப்பவர் வழக்கறிஞர், கையெழுத்திட்டு ஏற்பவர் சாட்சி. ஆகவே "முதல் விசாரணையில் சொன்னது", "குறுக்கில் சொன்னது" என்று ஒவ்வொரு கூற்றின் பக்கத்திலும் குறிப்பது அவசியம். குறிப்பாக வா.சா.1 அதிகார முகவராக வரும்போது. வெளிநாட்டில் இருக்கும் அண்ணனுக்காகத் தம்பி பவர் வைத்துக்கொண்டு கூண்டில் ஏறுவது நம் ஊரில் சாதாரணம். வாக்குமூலம் "நான்" என்று பேசும், ஆனால் பல வரிகளில் அந்த "நான்" அண்ணன். ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்கில் உச்ச நீதிமன்றம், முகவர் தானே செய்த செயல்களுக்குச் சாட்சி சொல்லலாம், முதல்வருக்கு மட்டுமே நேரடியாகத் தெரிந்தவற்றுக்கு அவர் சார்பாகச் சாட்சி சொல்ல முடியாது என்றது. சுருக்கத்தில் முகவரை வெறுமனே வாதி என்று எழுதிவிட்டால் இந்த வேறுபாடு முழுக்கக் கரைந்துவிடும்.

குற்றவியல் பக்கம் இரண்டு இடங்களை மட்டும் தொடுகிறேன். பிறழ் சாட்சியாக ஒருவர் அறிவிக்கப்பட்டதும் அரசு வழக்கறிஞரே தன் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்கிறார். காவல் துறையிடம் அவர் சொன்னதாக உள்ள கதை முழுவதும் யோசனையாக வரும்: "இரவு எட்டு மணிக்கு எதிரி அரிவாளால் வெட்டியதை நான் பார்த்தேன் என்றும், அவ்வாறே போலீஸ் விசாரணையில் சொன்னேன் என்றும் சொன்னால் சரியல்ல." பத்து வரி நீளமான இப்படி ஒரு வாக்கியத்தில் அந்தச் "சரியல்ல" கடைசியில்தான் இருக்கும். பக்கம் புரளும் இடத்தில் அது அடுத்த தாளுக்குப் போயிருந்தால், கண்ணால் பார்த்த சாட்சி ஒருவர் சுருக்கத்தில் புதிதாகப் பிறந்துவிடுவார்.

இன்னொன்று இரட்டை எதிர்மறை. அ.சா.2-இன் குறுக்கில், "எதிரி கையில் அரிவாள் இருந்தது என்று நான் போலீஸ் விசாரணையில் சொல்லவில்லை என்றால் சரியல்ல" என்று இருக்கும். நிதானமாகப் பிரித்தால், சொன்னேன் என்கிறார் சாட்சி. வேகமாகப் படிப்பவர் "போலீசாரிடம் சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டார்" என்று தலைகீழாக எழுதிவிடுவார். இந்தக் கதை இங்கே முடிவதும் இல்லை. புலனாய்வு அதிகாரி பின்னால் அ.சா.14-ஆகக் கூண்டில் ஏறி, "அ.சா.2 என் விசாரணையில் அரிவாள் பற்றிச் சொல்லவில்லை" என்று சொன்னால்தான் அந்த விடுபாடு நிரூபணமாகும். அந்த விடுபாடு முரண்பாடாகுமா என்பது தாசில்தார் சிங் வழக்கில் 1959-இல் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசிய வேறு கேள்வி. சுருக்குகிறவர் கவனிக்க வேண்டியது, இந்த ஒரு செய்தி இரண்டு சாட்சிகளுக்கு உரியது என்பது. அ.சா.2-இன் தலைப்பில் அவர் சொன்னதை எழுதி, "அ.சா.14 காண்க" என்று குறிக்க வேண்டும். அ.சா.14-இன் தலைப்பில் அவர் சொன்னதை எழுத வேண்டும். அதிகாரியிடம் அந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லையென்றால் "கேட்கப்படவில்லை" என்று குறிக்க வேண்டும். இரண்டையும் கலந்து "அ.சா.2 முரண்பட்டார்" என்று எழுதுவது, நீதிபதி செய்ய வேண்டிய முடிவை நாம் முன்கூட்டியே செய்வது.

பிறர் சொன்னதாகச் சாட்சி சொல்வதைப் பற்றி ஒரு வார்த்தை. கேள்விச் சாட்சியம் செல்லாது என்று நினைத்துச் சிலர் அந்த வரிகளைச் சுருக்கத்திலிருந்தே நீக்கிவிடுகிறார்கள். 1956-இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்த சுப்ரமணியம் வழக்கை இங்கே நினைக்க வேண்டும். மலாயாவில் அவசரநிலைக் காலம். ஜொகூரில் காயத்தோடு பிடிபட்டவரிடம் இருபது தோட்டாக்கள் இருந்தன. பயங்கரவாதிகள் தன்னை மிரட்டி வைத்திருந்தார்கள் என்பது அவர் வாதம். அவர்கள் என்ன சொல்லி மிரட்டினார்கள் என்பதைக் கேள்விச் சாட்சியம் என்று விசாரணை நீதிபதி தடுத்துவிட்டார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. பிரிவி கவுன்சில் அதை ரத்து செய்தது. சொன்னவரின் சொல் உண்மை என்று காட்டுவதற்காக அதைக் கொண்டுவந்தால் அது கேள்விச் சாட்சியம். அந்தச் சொல் சொல்லப்பட்டது என்பதே பொருட்டாக இருந்தால் அப்படியல்ல. மிரட்டல் பொய்யாக இருந்தாலும், கேட்டவர் பயந்திருக்க முடியும். எது எந்த வகை என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். சுருக்குகிறவர் "இன்னார் இப்படிச் சொன்னதாக இந்தச் சாட்சி" என்ற இரண்டு அடுக்கையும் அப்படியே வைத்திருந்தால் போதும்.

வேலை முறை பற்றிக் கேட்பீர்கள். நான் முதல் வாசிப்பில் எதையும் எழுதுவதில்லை. பென்சிலால் ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் மூன்றில் ஒன்றைக் குறிக்கிறேன்: சாட்சி தானாகச் சொன்னது, யோசனைக்குப் பதில், பிறர் சொன்னதாகச் சொன்னது. இரண்டாம் வாசிப்பில்தான் சுருக்கம் தொடங்குகிறது. முதலில் சாட்சிவாரியாக மட்டும். பொருள்வாரியான தொகுப்பு, அதாவது பணம் கொடுத்தது பற்றி யார் யார் என்ன சொன்னார்கள் என்பது, சாட்சிவாரிச் சுருக்கம் முடிந்தபிறகு அதிலிருந்து எடுக்கப்பட வேண்டும். நேரடியாகப் பொருள்வாரியாகத் தொடங்கினால் ஒருவர் சொல் மற்றவர் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். "அவர்" என்ற சொல்லைச் சுருக்கத்தில் நான் முடிந்தவரை பயன்படுத்துவதில்லை. பதிவில் "நான்" என்று இருந்தது நம் கையில் "அவர்" ஆகும்போது, வாதியும் அண்ணனும் மகனும் பிரதிவாதியும் எல்லோரும் அவர்தான். எண் எழுதினால் குழப்பம் இல்லை. ஒவ்வொரு கூற்றுக்கும் பக்க எண், விசாரணை நடந்த தேதி. திரும்ப அழைக்கப்பட்ட சாட்சியாக இருந்தால் எந்தத் தேதியின் சாட்சியம் என்பதும்.

சரிபார்ப்பை எழுதியவரே செய்யக் கூடாது. இன்னொருவர் சுருக்கத்தின் கடைசி வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி வர வேண்டும். வரிசையாகப் படித்தால் கதையின் ஓட்டம் பிழையை மறைத்துவிடும். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூலப் பதிவில் விரல் வைக்க வேண்டும்: இது யார் வாய், யார் கேட்டது, அவருக்கு இது எப்படித் தெரியும்? மூன்றில் ஒன்றுக்கு விரல் வைக்க இடம் கிடைக்காத வாக்கியத்தை அடித்துவிடலாம். "தெளிவாக", "ஆணித்தரமாக", "மழுப்பலாக" என்ற சொற்களும் இந்தச் சோதனையில் விழும். சாட்சியின் நடத்தையைப் பற்றி நீதிபதி பதிவில் குறிப்பு எழுதியிருந்தால் நீதிபதி குறிப்பு என்று சொல்லி எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அந்தச் சொல் நம்முடையது. நம்முடைய கருத்தை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தனித் தாள் வைத்துக்கொள்ளுங்கள். சீனியருக்கு இரண்டும் வேண்டும், ஆனால் எழுந்து நின்று வாதாடும்போது எந்தத் தாளிலிருந்து படிக்கிறோம் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.